எழுவாய் யார்? ஓர் ஆயுர்வேத கிளினிக்கின் பலகையும் நோட்டீசும்

"வேலூர் சத்துவாச்சாரியில் ஆயுர்வேத கிளினிக் தொடங்குகிறேன். பி.ஏ.எம்.எஸ். முடித்துப் பதிவும் செய்துவிட்டேன். என் தாத்தா அணைக்கட்டுப் பக்கம் பேர் பெற்ற வைத்தியர். விளம்பர வேலை பார்ப்பவர், 'சர்க்கரை, மூட்டுவாதம், குழந்தையின்மைக்கு எங்கள் மூலிகை மருந்தில் நிரந்தரத் தீர்வு! பக்கவிளைவே இல்லை! 100 ஆண்டுப் பாரம்பரியம்!' என்று பலகைக்கும் நோட்டீசுக்கும் ஒரே வாசகம் எழுதித் தந்திருக்கிறார். இப்படிப் போட்டால்தான் ஆள் வரும் என்கிறார். எனக்கு உறுத்துகிறது. பாரம்பரியமும் தெரிய வேண்டும், நம்பிக்கையும் வர வேண்டும், பொய்யும் கூடாது. எப்படி அமைப்பது?"

நோட்டீசை அச்சுக்கு அனுப்பாதீர்கள். பலகையைத் திருத்தி வைத்துக்கொள்ளலாம். வாசகம் ஒன்றாக இருக்கும்போது இரண்டுக்கும் ஏன் இரண்டு பதில் என்று உங்களுக்குத் தோன்றும். இந்த வேறுபாட்டை நானே தாமதமாகத்தான் தெரிந்துகொண்டேன். வேலூரில் அச்சகமும் பெயர்ப்பலகை வேலையும் பல ஆண்டுகளாகப் பார்த்துவருகிறேன், கிளினிக்குகளுக்கு லெட்டர்பேடு முதல் எல்.இ.டி. எழுத்து வரை செய்து கொடுத்திருக்கிறேன். ஆகவே தொழில்காரனாகவே பதில் சொல்கிறேன்.

1954-ஆம் ஆண்டில் மத்திய அரசு இயற்றிய ஆட்சேபகரமான மருந்து விளம்பரங்களைத் தடுக்கும் சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. அதன் பின்னிணைப்பில் 54 நோய்கள் வரிசையாக உள்ளன. சர்க்கரை, ரத்த அழுத்தம், புற்றுநோய், பக்கவாதம், வலிப்பு, சிறுநீரகக் கல், வெண்குஷ்டம், உடல் பருமன், பெண்களின் மலட்டுத்தன்மை, வாத மூட்டு நோய் எல்லாம் அந்தப் பட்டியலில் அடக்கம். இவற்றில் ஒன்றைக் குணப்படுத்தும், தணிக்கும் அல்லது தடுக்கும் என்ற பொருள்படும்படி எந்த மருந்தையும் விளம்பரப்படுத்தக் கூடாது. மருந்து உண்மையிலேயே வேலை செய்கிறதா என்ற வாதத்துக்கு அங்கே இடமே இல்லை. விளம்பரம் என்ற சொல்லுக்கும் அந்தச் சட்டம் மிக விரிவாகப் பொருள் சொல்கிறது: நோட்டீஸ், சுற்றறிக்கை, லேபிள், மேலுறை ஆகியவற்றோடு வாய்மொழி அறிவிப்பும், ஒளி, ஒலி, புகை மூலம் செய்யப்படும் அறிவிப்பும் அதில் சேரும். (புகையால் மருந்து விற்றவர் யாரென்று நான் பல நாள் யோசித்ததுண்டு. ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு போகிறவர்கள் மட்டும் கட்டாயம் மாட்டுவார்கள்.) முதல் முறை தண்டிக்கப்பட்டால் 6 மாதம் வரை சிறையோ அபராதமோ இரண்டுமோ விதிக்கலாம்.

அதே சட்டத்தின் 14-ஆவது பிரிவு ஒரு விலக்கும் தருகிறது. பதிவு பெற்ற மருத்துவர், இன்ன நோய்க்கு இங்கே சிகிச்சை அளிக்கப்படுகிறது என்று தம் சொந்த இடத்தில் பலகை வைத்துக்கொள்ளலாம். ஆக, உங்கள் கிளினிக்கின் வாசலில் "சர்க்கரை நோயாளிகளுக்குச் சிகிச்சை அளிக்கப்படும்" என்று எழுதிவைக்க வழி இருக்கிறது. விளம்பரக்காரர் எழுதித் தந்த மருந்து வரியைக் காட்பாடி ரயில் நிலையத்துக்கு எதிரே பிளெக்சாகக் கட்டினாலோ, நாளிதழுக்குள் நோட்டீசாகச் செருகினாலோ, வாட்ஸ்அப்பில் பரப்பினாலோ அந்த விலக்கு துணைக்கு வராது. வாசலிலும்கூட, சிகிச்சை அளிக்கிறோம் என்று அறிவிப்பதற்குத்தான் அனுமதி. நிரந்தரமாகக் குணமாக்குவோம் என்ற வாக்குறுதிக்கு அந்த நிழலில் இடம் கிடையாது. இது போக, 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கவும் வழி உண்டு.

சட்டத்துக்குப் பயந்துதான் இப்படி எழுத வேண்டுமா என்றால், எனக்கு வேறொரு காரணமும் இருக்கிறது. பல ஆண்டுகளுக்கு முன் ஒரு வைத்தியசாலைக்கு 5,000 நோட்டீஸ் அடித்துக் கொடுத்தேன். ஊரும் பெயரும் வேண்டாம். "சர்க்கரைக்கு முற்றுப்புள்ளி" என்ற வரியைச் சிவப்பில் பெரிதாகப் போட்டவன் நான்தான். அவர்கள் கொடுத்த மேட்டரில் அது கறுப்பில் சிறிதாகத்தான் இருந்தது. சில வாரம் கழித்து ஒருவர் அந்த நோட்டீசை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு அச்சகத்துக்கு வந்தார். அதைப் படித்துவிட்டு அவருடைய அம்மா இன்சுலினை நிறுத்திவிட்டார், மயங்கிய நிலையில் ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். வைத்தியசாலையின் முகவரியைக் கேட்க வந்தவர் அவர். நோட்டீசின் அடியில் அச்சகத்தின் பெயர் தெளிவாக இருந்தது, வைத்தியசாலைக்கு ஒரு கைபேசி எண் மட்டும்தான் இருந்தது. அன்றிலிருந்து மருத்துவ மேட்டர் எது வந்தாலும் முதலில் எழுவாயைப் பார்க்கிறேன்.

உங்களிடம் இருக்கும் வாசகத்தையும் அப்படியே பார்ப்போம். "சர்க்கரை குணமாகும்" என்ற வாக்கியத்தில் எழுவாய் நோய். நோய் என்ன செய்யும் என்று யாராலும் உறுதி கூற முடியாது. "பரிசோதித்து, உணவு முறையும் மருந்தும் சொல்கிறோம்" என்றால் எழுவாய் நீங்கள். நீங்கள் என்ன செய்வீர்கள் என்று உங்களால் உறுதியாகச் சொல்ல முடியும். தீர்வு, நிவாரணம், விடுதலை, முற்றுப்புள்ளி போன்ற சொற்கள் நோயை எழுவாயாக்கி விளைவைச் சொல்பவை. பரிசோதனை, ஆலோசனை, சிகிச்சை, பத்தியம் போன்ற சொற்கள் மருத்துவரை எழுவாயாக்கிச் செயலைச் சொல்பவை. பலகையிலிருந்து மருந்துப் பொட்டலம் வரை இரண்டாம் வகைச் சொற்களை மட்டும் பயன்படுத்துவது என்று முடிவெடுத்தால், கிளினிக்கின் குரலில் பாதி அப்போதே அமைந்துவிடும். வண்ணமும் எழுத்துருவும் அதற்குப் பிறகு வரும் வேலைகள்.

கிளினிக்கின் பெயருக்கும் இந்தச் சோதனையைச் செய்து பாருங்கள். சஞ்சீவி, அமிர்தம், சர்வரோக நிவாரணி போன்ற பெயர்கள் கேட்க இனிமைதான். சஞ்சீவி என்பது போன உயிரை மீட்கும் மூலிகையின் பெயர், ஆகவே அதைத் தலையில் எழுதிவிட்டுக் கீழே எவ்வளவு அடக்கமாக எழுதினாலும் எடுபடாது. உங்கள் பெயரோ, தாத்தாவின் பெயரோ, தெருவின் பெயரோ போதும். பொதுப்பெயர்களை வணிகக் குறியாகப் பதிவதும் கடினம். பதிவதாக இருந்தால் மருத்துவச் சேவைக்குரிய 44-ஆம் வகுப்பில் விண்ணப்பியுங்கள். மருந்துக்குரிய 5-ஆம் வகுப்பு, சொந்தப் பெயரில் மருந்து விற்கும் நாள் வந்தால் பார்த்துக்கொள்ள வேண்டியது.

நான் அமைத்தால் வாசல் பலகை இப்படி இருக்கும். முதல் வரியில் தமிழில் பெரிதாகக் கிளினிக்கின் பெயர். அதன் கீழ் "ஆயுர்வேத கிளினிக்" என்ற இரண்டு சொற்கள். பிறகு உங்கள் பெயர், பட்டம், மாநிலப் பதிவு எண். அடுத்து, "மூட்டு வலி, செரிமானக் கோளாறு, தோல் பிரச்சினைகளுக்கு ஆயுர்வேதப் பரிசோதனையும் சிகிச்சையும்" என்று ஒரே ஒரு வரி. கடைசியில் பார்வை நேரம், விடுமுறை நாள். பெயர்ப்பலகையில் தமிழ் 5 பங்கு, ஆங்கிலம் 3 பங்கு, விருப்ப மொழி 2 பங்கு என்று நம் மாநிலத்தில் சொல்லப்படும் அளவும் இதில் இயல்பாக அடங்கிவிடும். மருத்துவமனை என்று எழுத வேண்டாம், படுக்கை வசதி இருப்பதாக நினைத்துக்கொண்டு வருவார்கள். நோட்டீஸ் கட்டாயம் வேண்டுமென்றால், அதில் நோயின் பெயரும் மருந்தின் பெயரும் இல்லாமல், இந்தத் தேதியில் இந்த இடத்தில் தொடங்குகிறோம், இன்ன படிப்புப் படித்தவர் பார்க்கிறார், இவ்வளவு கட்டணம் என்று மட்டும் எழுதுங்கள். கட்டணத்தை அச்சிட்டுத் தரும் கிளினிக்குகள் மிகக் குறைவு என்பதால் அந்த ஒரு வரியே ஆட்களை வரவழைப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

பக்கவிளைவே இல்லை என்ற வரியை எல்லா இடத்திலிருந்தும் எடுத்துவிடுங்கள். அது உண்மையில்லை என்பது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். அதிமதுரத்தை அதிக நாள் கொடுத்தால் ரத்த அழுத்தம் ஏறும், உடலில் பொட்டாசியம் குறையும். பாதரசமும் ஈயமும் சேர்ந்த ரச மருந்துகள் சரியாகப் பக்குவப்படாவிட்டால் என்ன ஆகும் என்பது நீங்கள் பாடத்தில் படித்ததுதான். அந்த வரி இருந்த இடத்தில், காத்திருப்பு அறையின் சுவரில், ஏ3 அளவில் ஓர் அறிவிப்பு வையுங்கள்: "இப்போது நீங்கள் எடுத்துவரும் மாத்திரைகளையும் இன்சுலினையும் நீங்களாக நிறுத்த வேண்டாம். எல்லா மருந்துச் சீட்டுகளையும் கொண்டு வந்து காட்டுங்கள்." ஆஸ்பத்திரி ஃபைல் இல்லாத வீடு வேலூரில் அபூர்வம், ஆகவே இந்த அறிவிப்பைப் படித்ததும் அடுத்த முறை பையோடு வருவார்கள். அதற்குப் பக்கத்திலேயே, எந்த அறிகுறி இருந்தால் நேரே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்று இன்னொரு தாள் இருக்கட்டும்: நெஞ்சு வலி, திடீரென்று ஒரு பக்கம் செயலிழப்பது, குழந்தைக்கு மூச்சுத் திணறல். வருகிறவரை வேறு இடத்துக்கு அனுப்பும் தாளை எதற்காகச் சொந்தச் செலவில் அச்சிட வேண்டும் என்று ஒரு வாடிக்கையாளர் என்னிடம் கேட்டார். அவருடைய கிளினிக்கில் நோயாளிகளின் உறவினர்கள் கைபேசியில் படம் எடுத்துக்கொண்டு போனது அந்தத் தாளை மட்டும்தான்.

இனி பாரம்பரியம். இங்கேதான் எங்கள் தொழில்காரர்கள் அதிகம் தவறு செய்கிறார்கள், ஆகவே சற்று விரிவாகச் சொல்கிறேன். ஆயுர்வேதம் என்று மேட்டர் வந்தவுடன் கணினியில் ஓர் ஓலைச்சுவடி, தாடியோடு ஓர் அகத்தியர், ஒரு பச்சை இலை, ஓர் உரல் ஆகியவற்றை எடுத்து வைத்துவிடுவார்கள். அகத்தியரும் பதினெண் சித்தர்களும் சித்த மருத்துவத்தின் முன்னோர்கள். ஆயுர்வேதத்தின் அடிப்படை நூல்கள் சரகரும் சுசுருதரும் வாக்படரும் இயற்றியவை, அதன் தெய்வம் தன்வந்திரி. பக்கத்து வாலாஜாபேட்டையில் தன்வந்திரிக்குப் பீடமே இருக்கிறது. நம் மாவட்டத்தில் நாட்டு வைத்தியம் என்றால் பெரும்பாலும் சித்த முறைதான், அரசு மருத்துவமனைகளிலும் மக்கள் அதிகம் பார்ப்பது சித்தப் பிரிவைத்தான். இதனால் இரண்டும் ஒன்றே என்று வருகிறவர்கள் நினைப்பது இயல்பு. பதிவு பெற்ற ஆயுர்வேத மருத்துவர் அந்தக் குழப்பத்தைத் தம் பலகையிலேயே வளர்க்கக் கூடாது. இரண்டையும் அறிந்த ஒருவர் உள்ளே வந்து சுவரில் அகத்தியரைப் பார்த்துவிட்டால், இவருக்குத் தம் படிப்பே தெரியவில்லையே என்றுதான் நினைப்பார்.

ஆகவே உங்கள் தாத்தா எந்த முறையைப் பின்பற்றினார் என்று முதலில் வீட்டில் விசாரியுங்கள். அணைக்கட்டுப் பக்கத்து வைத்தியர் என்றால் தமிழ்ச் சுவடிகளும் சித்த முறையும் கையாண்டிருக்கவே வாய்ப்பு அதிகம். எந்த ஆண்டு தொடங்கினார் என்பதையும் கேளுங்கள். தாத்தாவிலிருந்து பேத்தி வரை 100 ஆண்டு ஆக, நடுவில் ஒரு தலைமுறையும் தொழிலில் இருந்திருக்க வேண்டும், உங்கள் கேள்வியில் அப்படி யாரும் தெரியவில்லை. விசாரித்த பிறகு வரி இப்படி வரலாம்: "தாத்தா நாட்டு வைத்தியர். பேத்தி ஆயுர்வேதம் படித்த மருத்துவர்." இரண்டே வாக்கியங்கள், இரண்டும் உண்மை, கேட்டவுடன் மனத்தில் நிற்கிறது. இரண்டு முறைகளும் வேறு என்பதை ஒளிக்கவும் இல்லை. பாரம்பரியம் என்ற சொல்லை எழுதாமலே பாரம்பரியம் தெரிந்துவிடுகிறது.

சின்னத்துக்கு, தாத்தா மருந்து அரைத்த கல்வம் வீட்டில் இருந்தால் அதைக் கொண்டு வந்து ஒரு தாளில் வைத்து ஓரத்தைப் பென்சிலால் வரையுங்கள். கணினியில் கிடைக்கும் உரல் படம் ஐரோப்பிய மருந்துக்கடையினுடையது, கிண்ணம் போல வட்டமாக, உள்ளே இடிப்பதற்கு ஒரு கோலோடு இருக்கும். நம் கல்வம் பெரும்பாலும் படகு போல நீண்டிருக்கும், குழவியை அதில் முன்னும் பின்னும் இழுத்து நாள்கணக்கில் அரைப்பார்கள். மேலிருந்து பார்த்தால் இரு முனையும் குவிந்த ஒரு கண் வடிவம், நடுவில் குழவி. இதே வடிவம் பலகையில் 2 அடியிலும் பொட்டலத்தில் 1 சென்டிமீட்டரிலும் தெளிவாகத் தெரியும், ரப்பர் முத்திரையாகவும் செய்துகொள்ளலாம். இலைச் சின்னம் வைத்திருப்பவர்கள் ஊரில் எத்தனையோ பேர், இந்தக் கல்வம் உங்கள் வீட்டில் மட்டும்தான் இருக்கிறது. வண்ணத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை: கல்லின் கருஞ்சாம்பலும் மஞ்சளும் போதும், பச்சையைத் தவிர்த்தால் தெருவில் தனியாகத் தெரிவீர்கள்.

நம்பிக்கை தருவதாக நினைத்து ஒட்டப்படும் முத்திரைகளிலும் கவனம் தேவை. "ஆயுஷ் அங்கீகாரம் பெற்ற மருந்துகள்" என்று எழுதச் சொல்வார்கள். மருந்து தயாரிப்பதற்கான உரிமத்தை மாநில உரிம அதிகாரிதான் தருகிறார். தாங்கள் எந்த நிறுவனத்துக்கும் எந்த மருந்துக்கும் சான்றளிப்பதில்லை என்று ஆயுஷ் அமைச்சகமே பொது அறிவிப்பு வெளியிட்டிருக்கிறது. ஐ.எஸ்.ஓ. முத்திரை நிர்வாக முறையைப் பற்றியது, மருந்தின் பலனுக்கும் அதற்கும் தொடர்பில்லை. நீங்கள் காட்ட வேண்டியவை மூன்றுதான்: பட்டம், பதிவு எண், தமிழ்நாடு மருத்துவ நிறுவனங்கள் சட்டப்படி பெற்ற பதிவுச் சான்றிதழ். அவற்றுக்குக் கண்ணாடி ஃபிரேம் போட்டு, மேசைக்குப் பின்னால் உங்கள் தலைக்கு மேலே மாட்டாமல், நோயாளி உட்காரும் நாற்காலிக்கு எதிரே படிக்கும் உயரத்தில் மாட்டுங்கள்.

குணமானவர்கள் பேசும் காணொளி எடுக்கலாமா என்றும் அடுத்துக் கேட்பீர்கள். மூட்டு வலிக்காரர் எப்போது உங்களிடம் வருகிறார்? வலி உச்சத்தில் இருக்கும் வாரத்தில்தான் வருகிறார். மூட்டுத் தேய்மானத்தின் வலி ஏறி இறங்கும் தன்மையுடையது, உச்சத்தில் இருப்பது எந்தச் சிகிச்சையும் இல்லாமலே சில வாரங்களில் ஓரளவு இறங்கலாம். அந்த நேரத்தில் எடுத்த காணொளி உங்கள் தைலத்தின் வேலையையும் இயற்கையான இறக்கத்தையும் பிரித்துக் காட்டாது. பேசுகிறவர் மனமார உண்மை பேசினாலும் பார்க்கிறவருக்கு அது வாக்குறுதியாகத்தான் போய்ச் சேரும். ஆகவே காணொளி எடுப்பதானால், கஷாயம் எப்படிக் காய்ச்சுவது, சூரணத்தை எந்த அளவில் எடுப்பது என்று நீங்களே பேசுங்கள். கூகுள் மேப்ஸில் யாராவது பாராட்டி எழுதினால் நன்றி மட்டும் சொல்லுங்கள். "உங்கள் தோல் நோய் இப்போது எப்படி இருக்கிறது" என்று பதில் எழுதி ஒருவருடைய நோயை ஊருக்கே சொன்ன மருத்துவரை எனக்குத் தெரியும்.

வேலூருக்கே உரிய ஒன்றைச் சொல்ல வேண்டும். சி.எம்.சி. மருத்துவமனைக்காக வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வந்து லாட்ஜில் வாரக்கணக்கில் தங்கியிருப்பவர்களைக் குறிவைத்து, வங்காள மொழியில் பலகை வைக்கும்படி உங்களுக்கும் யோசனை சொல்வார்கள். பரிசோதனை முடிவுக்காகக் காத்திருப்பவரின் பயத்தைப் பயன்படுத்தும் வேலை அது. அவர்கள் தாமாக வந்தால் பாருங்கள், ஆனால் வங்காளத்தில் ஒன்றே ஒன்றை அச்சிடுவதாக இருந்தால், மருந்தை நிறுத்த வேண்டாம் என்ற அந்தச் சுவர் அறிவிப்பாக அது இருக்கட்டும். இதே கவனம் லேபிளிலும் வேண்டும். அரிஷ்டமும் ஆசவமும் புளிக்கவைத்துச் செய்யப்படுபவை என்பதால் அவற்றில் ஆல்கஹால் தானாகவே உண்டாகிறது. கம்பெனி புட்டியில் அதன் சதவீதம் சிறிய எழுத்தில் இருக்கும். மேல்விசாரத்திலிருந்தும் ஆம்பூரிலிருந்தும் வரும் இஸ்லாமியக் குடும்பங்களுக்கு அதைப் பெரிய எழுத்தில் சொல்லிவிடுவது மரியாதை. கஷாயமாகவோ சூரணமாகவோ மாற்றித் தர முடியுமா என்பதை அவர்கள் கேட்கும் முன்பே நீங்கள் சொல்லிவிடலாம்.

அச்சு வேலையின் வரிசையையும் சொல்லிவிடுகிறேன். முதலில் 500 மருந்துச் சீட்டுகள் அடியுங்கள், பிளெக்ஸ் வேண்டாம். சீட்டின் தலையில் கல்வச் சின்னம், பெயர், பதிவு எண். நடுவில் மருந்துக்கு இடம். அதன் அடியில், வேறு எந்த மருந்துகளை எடுத்துவருகிறார் என்று எழுத மூன்று கோடுகள். கடைசியில் "இந்த நாளுக்குள் குறையாவிட்டால்" என்று அச்சிட்டு, தேதிக்கு ஒரு கட்டம். புரூஃபை வீட்டில் பெரியவர் ஒருவரிடம் கொடுத்து, கண்ணாடி இல்லாமல் அந்தக் கட்டம் தெரிகிறதா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.